நிகழ்த்துகையொன்றின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்தல்: படவில்லைகளும் அவற்றின் தோற்ற அமைப்பும்

விரிவுரைகளும் கருத்தரங்கு உரைகளும் இன்று பெரும்பாலும் பவர்பொயின்ற் நிகழ்த்துகைகளாகவே ஆயத்தஞ் செய்யப்படுகின்றன. ஒரு தவணை முழுவதற்குமென ஆக்கப்பட்ட நீண்ட நிகழ்த்துகையிலிருந்து ஒரு பாடத்துக்குரிய படவில்லைகளை மாத்திரம் வேறாக்கி மாணவருக்கோ சக ஆய்வாளருக்கோ வழங்க வேண்டிய தேவை அடிக்கடி எழுகின்றது. வேண்டிய படவில்லைகளைப் பிரதிபண்ணிப் புதிய கோப்பொன்றில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவது வழக்கம். ஆனால் அவ்வாறு ஒட்டப்பட்ட படவில்லைகள் நிறம் மாறி, எழுத்துரு மாறி, சில வேளைகளில் பொருளே மாறி நிற்பதை அவதானிக்கலாம். இம்மாற்றம் ஏன் நிகழ்கின்றது, அதனைத் தவிர்த்து ஒரு குறிப்பிட்ட வீச்சிலுள்ள படவில்லைகளை அவற்றின் தோற்ற அமைப்புக் குன்றாமற் பிரித்தெடுப்பது எவ்வாறு என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தோற்ற அமைப்பு என நாம் ஈண்டுக் குறிப்பது ஆங்கில வழக்கில் ‘தீம்’ எனப்படுவதையே. சுருக்கம் கருதி இனி அச்சொல்லையே கையாளுவோம்.

1. படவில்லை தனித்து நிற்பதன்று

முதற்கண், திரையில் நாம் காணும் படவில்லை தன்னளவில் முழுமையான ஒரு பொருளன்று என்பதை மனங்கொள்ளல் வேண்டும். பவர்பொயின்ற் 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து நிகழ்த்துகைகள் `.pptx` என்னும் வடிவில் சேமிக்கப்படுகின்றன. இக்கோப்பு உண்மையில் ஸிப் முறையிற் சுருக்கப்பட்ட ஒரு பொதியாகும். அதன் பிரதியொன்றுக்கு `.zip` எனப் பெயரிட்டுத் திறந்து பார்ப்பின், `ppt` என்னும் கோப்புறையின் கீழே `slides`, `slideLayouts`, `slideMasters`, `theme` என நான்கு கோப்புறைகளைக் காணலாம். இந்நான்கும் படிநிலையான ஓர் ஒழுங்கில் ஒன்றையொன்று சார்ந்துள்ளன. படவில்லை ஒரு தளக்கோலத்தைச் சுட்டுகின்றது. தளக்கோலம் ஒரு முதன்மைப் படவில்லையைச் சுட்டுகின்றது. முதன்மைப் படவில்லை ஒரு தீமைச் சுட்டுகின்றது. தலைப்பு எங்கே அமைவது, நிறுவனச் சின்னம் எந்த மூலையில் நிற்பது, எழுத்தின் அளவு யாது என்பன முதன்மைப் படவில்லையிலும் தளக்கோலத்திலும் எழுதப்பட்டுள்ளன. நிறங்களும் எழுத்துருக்களும் தீமில் உள்ளன.

தீமில் பன்னிரண்டு நிறங்களுக்கு இடமுண்டு. எழுத்துக்கும் பின்னணிக்குமுரியவை நான்கு; அழுத்த நிறங்கள் ஆறு; இணைப்புகளுக்குரியவை இரண்டு. ஒரு வட்ட வரைபடத்தின் துண்டத்துக்கு நாம் தீம் நிறத் தட்டிலிருந்து நிறமொன்றைத் தெரிவு செய்யும்போது, படவில்லையில் அந்நிறம் பதியப்படுவதில்லை. அந்நிறத்தின் இருக்கை இலக்கமே பதியப்படுகின்றது. பின்வரும் இரு வரிகளின் வேறுபாடு இதனைத் துலாம்பரமாக்கும்.

```
<a:schemeClr val="accent2"/>
<a:srgbClr val="C00000"/>
```

முதலாவது வரி ‘இரண்டாவது அழுத்த நிறம் எதுவோ அது’ என்கின்றது. இரண்டாவது வரி ஒரு குறிப்பிட்ட செந்நிறத்தையே பெயர் சொல்லிக் கூறுகின்றது. சாதாரணமாக ஆக்கப்படும் படவில்லைகளில் முதலாவது வகையே பெரிதும் இடம்பெறும். எழுத்துருவின் நிலையும் இதுவே. தலைப்புக்குரிய எழுத்துரு, உடலுரைக்குரிய எழுத்துரு என்ற இரு இருக்கைகளையே படவில்லை சுட்டுகின்றது; அவ்விருக்கைகளில் அமர்ந்திருப்பது எந்த எழுத்துரு என்பதைத் தீம் தீர்மானிக்கின்றது.

இவ்வமைப்பு ஒரு வசதிக்காகவே ஏற்பட்டது. தீமை ஒருமுறை மாற்றினால் நூறு படவில்லைகளும் ஒருங்கே மாறும். ஆனால் அதே வசதிதான் பிரித்தெடுக்கும்போது இடராக வந்து நிற்கின்றது. படவில்லையைப் பிரதிபண்ணி வேறொரு நிகழ்த்துகையில் ஒட்டும்போது, பவர்பொயின்ற் இயல்பாகச் செய்வது அதனைச் சேருமிடத்தின் தீமுடன் இணைத்துவிடுவதாகும். ‘இரண்டாவது அழுத்த நிறம்’ என்ற சுட்டு அப்படியே இருக்கும். ஆனால் அவ்விருக்கையில் இப்போது வேறொரு நிறம் அமர்ந்திருக்கும்.

2. நிறமாற்றம் பொருள்மாற்றமாகும் சந்தர்ப்பம்

இது வெறும் அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கிவிடத்தக்கதன்று. உதாரணமொன்றை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் மலையக மக்களது குடியுரிமை வரலாறு பற்றி நாற்பத்தெட்டுப் படவில்லைகள் கொண்ட ஒரு நிகழ்த்துகை இருப்பதாகக் கொள்வோம். 12 முதல் 20 வரையான ஒன்பது படவில்லைகள், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திலிருந்து 1974ஆம் ஆண்டு உடன்படிக்கை வரையான காலப்பகுதியைக் கூறுகின்றன. அவ்வொன்பதை மாத்திரம் பிரித்து மாணவருக்கு வழங்க வேண்டியுள்ளது.

15ஆவது படவில்லையில் ஒரு வட்ட வரைபடம் உள்ளது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 975,000 பேரின் நிலை எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதை அது காட்டுகின்றது. இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியோர் 525,000. இலங்கைக் குடியுரிமை பெறவேண்டியோர் 300,000. முடிவு பின்போடப்பட்டோர் 150,000. இந்நிகழ்த்துகையின் தீமில் முதலாவது அழுத்த நிறம் சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது சாம்பல் என்க. மூன்று துண்டங்களும் அவ்வொழுங்கிலேயே நிறம் பெற்றுள்ளன. வரைபடத்தின் குறிவிளக்கம் நீக்கப்பட்டு, அருகில் ஒரு சிறு பத்தி எழுதப்பட்டுள்ளது: சிவப்புத் துண்டம் அனுப்பப்பட வேண்டியோர், பச்சைத் துண்டம் குடியுரிமை பெறவேண்டியோர், சாம்பல் துண்டம் முடிவு எய்தப்படாதோர்.

இப்படவில்லையைப் புதிய வெற்று நிகழ்த்துகையொன்றில் ஒட்டுவோம். 2023இல் மைக்ரோசொவ்ற் நிறுவனம் அறிமுகஞ் செய்த ஒபிஸ் தீமில் முதலாவது அழுத்த நிறம் கருநீலம் சார்ந்தது, இரண்டாவது செம்மஞ்சள், மூன்றாவது பச்சை. எனவே 525,000 பேருக்குரிய துண்டம் கருநீலமாகின்றது. 300,000 பேருக்குரியது செம்மஞ்சளாகின்றது. 150,000 பேருக்குரியது பச்சையாகின்றது. ஆனால் அருகிலுள்ள பத்தி மாறவில்லை. ‘பச்சைத் துண்டம் குடியுரிமை பெறவேண்டியோர்’ என்று அது இன்னமும் கூறுகின்றது. அதனை வாசிக்கும் மாணவர், குடியுரிமை பெறவேண்டியிருந்தோர் மிகச் சிறிய துண்டத்தினரே என்று கொள்வர். செம்மஞ்சளைச் சிவப்பெனக் கண்டால், அனுப்பப்பட வேண்டியோர் அடுத்த சிறிய துண்டத்தினர் என்றும் கொள்வர். பெரும்பான்மையோரை நாட்டைவிட்டு அனுப்ப வகைசெய்த ஓர் ஒப்பந்தத்தின் மையமான உண்மையே படத்திலிருந்து நழுவிவிடுகின்றது. யாரும் ஓர் எண்ணையேனும் மாற்றவில்லை. ஒட்டியவர் எழுத்துப் பிழையும் விடவில்லை. எனினும் படவில்லை பிழையான வரலாற்றைச் சொல்லுகின்றது.

எழுத்துருவாலும் இத்தகைய கேடு நேரும். ஒருங்குறி பரவலாக வழங்குவதற்கு முன்னர் ஆக்கப்பட்ட நிகழ்த்துகைகளில் பாமினி போன்ற எழுத்துருக்கள் பெருவழக்காயிருந்தன. அவற்றில் கோப்பினுள் இருப்பது தமிழ் எழுத்தன்று. ஆங்கில விசைப்பலகையின் குறிகளே. ‘தமிழ்’ என்னும் சொல் அங்கு `jkpo;` என்றே பதிந்திருக்கும். பாமினி எழுத்துருவே அதற்குத் தமிழ் உருவம் அளிக்கின்றது. எழுத்துரு படவில்லையில் நேராகக் குறிக்கப்பட்டிருப்பின் இடரில்லை. தீமின் உடலுரை எழுத்துருவாகப் பாமினி வைக்கப்பட்டிருப்பின், புதிய தீமில் ஒட்டியவுடன் முழு உரையும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகிவிடும். இவ்வழு கண்ணுக்கு உடனே புலப்படும் என்ற அளவில் ஆபத்துக் குறைந்தது. நிறமாற்றமோ ஓசையின்றி நிகழ்வது.

3. பிரதியெடுத்து நீக்கும் முறை

தீமைப் பேணிப் பிரித்தெடுப்பதற்குப் பல வழிகள் உள. அவற்றுள் மிகவும் நம்பத்தக்கது, ஓரளவு தலைகீழாகத் தோன்றும் வழியொன்றாகும். வேண்டிய படவில்லைகளைப் புதிய கோப்புக்குக் கொண்டுசெல்வதற்குப் பதிலாக, கோப்பு முழுவதையும் பிரதியெடுத்து, வேண்டாதவற்றை அப்பிரதியிலிருந்து நீக்கிவிடுதலே அது. இம்முறையில் எந்தப் படவில்லையும் தன் தளக்கோலத்தையோ முதன்மைப் படவில்லையையோ விட்டு நகர்வதில்லை. ஆகவே இணைப்பு அறுவதற்கு இடமேயில்லை.

எமது உதாரணத்துக்கு இதனைப் பிரயோகிப்போம். முதலில், எதனையும் நீக்குமுன்னரே, `File > Save As` வழியாகவோ `F12` விசையை அழுத்தியோ கோப்பைப் புதிய பெயரிற் சேமித்தல் வேண்டும். கோப்பு வண்டிரைவில் இருக்குமாயின் அங்கு `Save a Copy` என்றே காணப்படும். இவ்வொழுங்கு மிக முக்கியமானது. வண்டிரைவிலுள்ள கோப்புகளில் `AutoSave` இயங்கிக்கொண்டிருப்பின், நாம் நீக்கும் ஒவ்வொரு படவில்லையும் உடனுக்குடன் மூலக் கோப்பிலிருந்தே அழிக்கப்படும். முதலில் நீக்கிப் பின்னர் வேறு பெயரிற் சேமிப்போம் என்று எண்ணுவோர் மூலத்தையே இழக்க நேரிடும். நீக்கத் தொடங்குமுன், சாளரத்தின் மேற்பட்டியில் புதிய பெயர் தோன்றுகின்றதா என்பதைப் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவதாக, `View > Slide Sorter` காட்சிக்குச் செல்ல வேண்டும். 21ஆவது படவில்லையைச் சொடுக்கி, பின்னர் `Shift` விசையை அழுத்தியவாறு 48ஆவதைச் சொடுக்கினால் இடைப்பட்ட யாவும் தெரிவாகும். `Delete` விசையால் அவற்றை நீக்கியபின், அதே விதமாக 1 முதல் 11 வரையானவற்றை நீக்குதல் வேண்டும். பின்பகுதியை முதலில் நீக்குவது ஏனெனில், முன்பகுதியை முதலில் நீக்கினால் எஞ்சியவற்றின் இலக்கங்கள் மாறிவிடும். 12ஆவதாக இருந்தது 1ஆவதாகிவிட, 21ஆவது எதுவென மீண்டும் கணக்கிட நேரும். இறுதியில் ஒன்பது படவில்லைகள் எஞ்சும். முன்னர் 15ஆவதாக இருந்த வட்ட வரைபடம் இப்போது 4ஆவதாக நிற்கும். நிறங்கள் சிவப்பு, பச்சை, சாம்பல் என்றே இருக்கும்.

மூன்றாவதாகக் கவனிக்கத்தக்கது படவில்லை இலக்கம். விரிவுரைக் குறிப்புகளிலோ வினாத்தாளிலோ ‘15ஆவது படவில்லையைப் பார்க்க’ என்று எழுதப்பட்டிருப்பின், பிரித்தெடுத்த கோப்பில் அது 4 எனத் தோன்றுவது குழப்பந்தரும். `Design > Slide Size > Custom Slide Size` என்னும் உரையாடற் பெட்டியில் `Number slides from` என்ற இடத்தில் 12 என இட்டால், ஒன்பது படவில்லைகளும் 12 முதல் 20 வரை பழைய இலக்கங்களையே தாங்கி நிற்கும். நிகழ்த்துகை பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தால், படவில்லைகள் நீங்கிய பின்னும் வெற்றுப் பிரிவுகளின் பெயர்கள் எஞ்சியிருக்கும். பிரிவின் பெயரில் வலச்சொடுக்குச் செய்து `Remove Section` என்பதால் அவற்றை அகற்றலாம்.

4. ஒட்டியே ஆகவேண்டியவிடத்து

பிரித்தெடுக்கும் பகுதியை ஏற்கெனவே உள்ள வேறொரு நிகழ்த்துகையுடன் சேர்க்க வேண்டியிருப்பின் நீக்கும் முறை போதாது; ஒட்டியே ஆகவேண்டும். அப்போது, சேருமிடத்தில் வலச்சொடுக்குச் செய்து, ஒட்டுந் தெரிவுகளுள் `Keep Source Formatting` என்பதைத் தெரிதல் வேண்டும். `Ctrl+V` மாத்திரம் அழுத்தினால் சேருமிடத்தின் தீமே மேலோங்கும். ஆயினும் ஒட்டியவுடன் தோன்றும் சிறு அடையாளத்தைத் திறந்து அதே தெரிவைப் பின்னரும் செய்துகொள்ளலாம். `Home > New Slide > Reuse Slides` வழி உள்ள பதிப்புகளில் அவ்வழியிலும் இதற்கு நிகரான ஒரு தெரிவுப் பெட்டி உண்டு. அதனை இடாது விட்டால் விளைவு முன்னையதே.

இத்தெரிவு உண்மையில் செய்வது யாதெனில், மூல நிகழ்த்துகையின் முதன்மைப் படவில்லையையும் தீமையும் சேருமிடத்துக்கு உடன் கொண்டுவருவதாகும். ஆகவே புதிய கோப்பில் இரு முதன்மைப் படவில்லைகள் இருக்கும். `View > Slide Master` காட்சியில் இதனைக் காணலாம். முதன்மைப் படவில்லையின் சிற்றுருவின்மேல் சுட்டியை நிறுத்தினால், அதன் பெயரும் எந்தெந்தப் படவில்லைகள் அதனைப் பயன்படுத்துகின்றன என்பதும் தோன்றும். பெயரின் முன்னே `1_`, `2_` என்ற குறிகள் காணப்படின், பல தடவை சிறிது சிறிதாக ஒட்டியதனால் ஒரே தீம் மீண்டும் மீண்டும் வந்து சேர்ந்துள்ளது என்பது பொருள். ஒன்பதையும் ஒருசேரத் தெரிந்து ஒரே தடவையில் ஒட்டுவதே இதற்குப் பரிகாரம்.

இவ்வழியின் எல்லையொன்றையும் கூறுதல் வேண்டும். படவில்லையின் அளவு தீமுக்கோ முதன்மைப் படவில்லைக்கோ உரிய பண்பன்று. அது நிகழ்த்துகை முழுவதற்கும் பொதுவாக ஓரிடத்திற் பதியப்படுவது. ஒரே நிகழ்த்துகையில் இரு அளவுகள் இருக்க முடியாது. பழைய நிகழ்த்துகைகள் பெரும்பாலும் 10 அங்குல அகலமும் 7.5 அங்குல உயரமும் கொண்டவை. பவர்பொயின்ற் 2013 முதற்கொண்டு புதியவை 13.333 அங்குல அகலமும் 7.5 அங்குல உயரமும் கொண்டு பிறக்கின்றன. எனவே மூலத்தின் தோற்றத்தைப் பேணும் தெரிவை இட்டபோதிலும், பழைய படவில்லையைப் புதிய வெற்று நிகழ்த்துகையில் ஒட்டும்போது அகலத்தில் இழுபடுவதும் பொருள்கள் இடம்பெயர்வதும் நேரும். சின்னத்தின் வட்டம் நீள்வட்டமாகத் தோன்றுமாயின் காரணம் இதுவே. ஒட்டுவதற்கு முன்னரே புதிய நிகழ்த்துகையின் அளவை மூலத்தின் அளவுக்கு ஒப்ப மாற்றிக்கொள்ளுதல் இதற்கு வழி. நீக்கும் முறையில் அளவும் கோப்புடனேயே இருப்பதால் இவ்விடர் எழுவதில்லை.

5. நிரலால் செய்தல்

ஒரே நிகழ்த்துகையிலிருந்து பத்துப் பாடங்களைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரிக்க வேண்டியிருப்பின் கையாற் செய்வது அலுப்பும் வழுவும் தரும். பவர்பொயின்றில் உள்ளடங்கியுள்ள விஷுவல் பேசிக் மொழியில் இதற்கென ஒரு சிறு நிரல் எழுதலாம். இங்கு எச்சரிக்கையொன்று வேண்டும். அம்மொழியில் `InsertFromFile` என்னும் கட்டளை உண்டு. தொடக்க இலக்கத்தையும் முடிவு இலக்கத்தையும் ஏற்றுக்கொண்டு அவ்வீச்சை வேறு கோப்பிலிருந்து கொண்டுவருவதால், எமது தேவைக்கென்றே ஆக்கப்பட்டது போல் அது தோன்றும். ஆனால் மூலத்தின் தோற்றத்தைப் பேணுமாறு கூறுவதற்கு அதில் இடமில்லை. சேருமிடத்தின் தீமையே அது படவில்லைகளுக்கு அணிவிக்கும். ஆகவே நிரலிலும் பிரதியெடுத்து நீக்கும் முறையையே பின்பற்றுவது சாலும்.

```
Sub ExtractRange()
    Dim dst As Presentation
    Dim i As Long, p As String
    p = "C:\Lectures\part12-20.pptx"
    ActivePresentation.SaveCopyAs p, _
        ppSaveAsOpenXMLPresentation
    Set dst = Presentations.Open(p, WithWindow:=msoFalse)
    For i = dst.Slides.Count To 1 Step -1
        If i < 12 Or i > 20 Then dst.Slides(i).Delete
    Next i
    dst.Save
    dst.Close
End Sub
```

`SaveCopyAs` மூலக் கோப்பைத் திறந்தவாறே விட்டுப் பிரதியை மாத்திரம் எழுதுகின்றது; ஆகவே நிரல் மூலத்தைத் தீண்டுவதில்லை. சுழற்சி 48இல் தொடங்கி 1இல் முடிவது தற்செயலானதன்று. 1இலிருந்து மேல்நோக்கிச் சென்றால், 1ஆவது படவில்லை நீங்கியதும் 2ஆவது முதலாவதாகிவிடும். ஆனால் எண்ணி 2க்குச் சென்றுவிட்டிருக்கும். இவ்வாறு ஒன்றுவிட்டொன்று தப்பிப் பிழைக்கும். ஈற்றிலிருந்து வருங்கால், நீக்கப்படுவது எப்போதும் கணக்கெடுத்து முடிந்த பக்கத்திலேயே இருப்பதால் மீதியுள்ளவற்றின் இலக்கம் கலைவதில்லை. `C:\Lectures` என்னும் கோப்புறை முன்கூட்டியே இருத்தல் வேண்டும். இல்லையெனில் நிரல் முதற்படியிலேயே நின்றுவிடும்.

6. உடன் செல்பவையும் செல்லாதவையும்

பிரித்தெடுத்த கோப்பைப் பிறர் கையிற் கொடுக்குமுன் இரு விடயங்களை ஆராய்தல் வேண்டும். அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. ஒன்று, செல்லவேண்டியது செல்லாதிருத்தல். மற்றையது, செல்லவேண்டாதது சென்றுவிடுதல்.

முதலாவது எழுத்துரு. தீம் எழுத்துருவின் பெயரையே தாங்கிச் செல்கின்றது, எழுத்துருவையன்று. பெறுபவரின் கணினியில் அவ்வெழுத்துரு இல்லையெனில் வேறொன்று அதனிடத்தைப் பிடிக்கும். ஒருங்குறித் தமிழாயின் எழுத்தின் வடிவமும் வரியின் நீளமும் மாறும். வரிகள் பெட்டிக்கு வெளியே வழியலாம். பாமினி போன்றதாயின் உரையே வாசிக்க முடியாததாகும். `File > Options > Save` என்னும் பகுதியில் `Embed fonts in the file` என்பதை இட்டுச் சேமித்தால், உரிமம் அனுமதிக்கும் எழுத்துருக்கள் கோப்பினுள் பதிந்து செல்லும். பழைய குறிமுறை எழுத்துருவாயின், உரையை ஒருங்குறிக்கு மாற்றி வழங்குவதே நீடித்த பரிகாரமாகும்.

இரண்டாவது, கண்ணுக்குப் புலப்படாத உள்ளடக்கம். எஞ்சிய ஒன்பது படவில்லைகளின் கீழுள்ள பேச்சாளர் குறிப்புகளும் கருத்துரைகளும் அவ்வாறே உடன் செல்லும். வரைபடங்களின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. எக்சல் கோப்பிலிருந்து கொண்டுவரப்பட்டு உட்பொதிக்கப்பட்ட வரைபடமொன்றின் பின்னால், அவ்வரைபடத்துக்குரிய சில கலங்கள் மாத்திரமன்றி முழுப் பணிநூலுமே இருக்கும். வலச்சொடுக்குச் செய்து `Edit Data` என்பதைத் தெரிந்தால் அதன் ஏனைய தாள்களையும் எவரும் திறந்து பார்க்கலாம். கள ஆய்வில் தகவல் தந்தோரின் பெயரும் ஊரும் அத்தாள்களில் இருக்குமாயின், ஒரு வட்டப் படத்தை வழங்குவதாக எண்ணி அவர்களது விபரங்களையே நாம் வெளியிட்டவர்களாவோம். `File > Info > Check for Issues > Inspect Document` என்னும் சோதனை குறிப்புகளையும் கருத்துரைகளையும் கண்டுபிடித்து அகற்ற உதவும். பணிநூலைப் பொறுத்தவரை, வரைபடத்தை வெட்டியெடுத்துப் படமாக ஒட்டிவிடுவது எளிய காப்பாகும். அவ்வாறு ஒட்டிய படத்தின் நிறங்கள் அதன்பின் எந்தத் தீமாலும் மாறுவதில்லை என்பது மேலதிக நன்மை.

7. சரிபார்த்தல்

பணி செவ்வனே முடிந்ததா என்பதை அறிய நீண்ட சோதனை வேண்டியதில்லை. எண்ணிக்கை ஒன்பதா எனப் பார்த்தபின், மூலத்தையும் பிரதியையும் அருகருகே திறந்து, நிறத்தாற் பொருள் உணர்த்தும் படவில்லை ஒன்றை ஒப்பிடுதல் வேண்டும். எமது உதாரணத்தில் அது வட்ட வரைபடமுள்ள படவில்லை. தலைப்புகளும் உடலுரையும் மாத்திரமுள்ள படவில்லைகள் தீம் மாறினும் ஒருவாறு பொருந்தி நிற்கும். ஆகவே அவற்றை ஒப்பிடுவதனால் உண்மை புலப்படாது. அடுத்து, முதன்மைப் படவில்லைக் காட்சியில் ஒன்பது படவில்லைகளும் மூலத்தின் தீமையே பயன்படுத்துகின்றனவா என நோக்குதல் வேண்டும். இறுதியாக, அக்கோப்பை வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து பார்த்தல் நன்று. ஆக்கியவரின் கணினியில் எல்லா எழுத்துருக்களும் இருப்பதால், எழுத்துருக் குறைபாடு அங்கு ஒருபோதும் வெளிப்படாது.

இன்னொன்றையும் இத்தொடர்பிற் கூறலாம். நிறத்தின் பெயரைச் சொல்லிப் பொருள் விளக்கும் பத்தியை நாம் உதாரணமாகக் கொண்டோம். அத்தகைய பத்திக்குப் பதிலாக, ஒவ்வொரு துண்டத்தின் மீதும் அதன் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டால், தீம் எவ்வாறு மாறினும் 525,000 என்ற எண் தனக்குரிய துண்டத்தை விட்டு அகலாது. கறுப்பு வெள்ளையில் அச்சிடப்பட்ட பிரதியிலும், நிறங்களை வேறுபடுத்திக் காண இயலாத மாணவரின் கண்ணிலும் அது அதே பொருளையே தரும். படவில்லையின் பொருள் தீமில் தங்கியிருக்கும் அளவுக்கு அதனைப் பிரித்தெடுப்பதும் கடினமாகும். ஆக்கும்போதே அத்தங்குதலைக் குறைத்துக்கொண்டால், பின்னர் பிரிப்பவர் கையிலுள்ள பொறுப்பும் குறையும்.